அணைந்த தீயை எரிகிறது என்று சொன்ன ஸ்கேனர்

நேற்று மாலை பாய்லரைச் சூடாக இருக்கும்போதே நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துச் சூட்டோடு சூடாகத் திரும்ப ஓட்டினேன். கொளுத்துவதற்கு முன் உள்ளே மிஞ்சிய கேஸை விசிறிக் காற்றால் வெளியே தள்ளும் பர்ஜ் தடங்கலில்லாமல் ஓடி முடிந்தது. பைலட் என்னும் சின்னத் தீ பற்றியது, அதிலிருந்து மெயின் பற்றியது. இதையே மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் முதல் முயற்சியிலேயே வந்தது. ஐந்து நாளாக நடக்காத காரியம் இது. என்ன செய்தேன், எங்கே தவறாக யோசித்தேன் என்பதை மறப்பதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

இது மணிக்கு 3 டன் நீராவி தரும் மூன்று பாஸ் ஃபயர் டியூப் பாய்லர். இயற்கை எரிவாயு பர்னர், காற்றுக்கு ஒரே ஒரு விசிறி, தீயைப் பார்க்க யு.வி. குழாய் உள்ள ஒரு ஸ்கேனர். மெயின் கேஸ் லைனில் இரண்டு சோலனாய்டு வால்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. அவற்றைத் தாண்டி பர்னருக்கு முன்னால் கையால் மூடும் காக் ஒன்று உண்டு. இந்தக் காக் பின்னால் முக்கியமாக வரும்.

ஸ்டார்ட் கொடுத்தால் பர்னர் கன்ட்ரோல் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் மட்டம், கேஸ் அழுத்தம், வால்வுகள் மூடியிருப்பது எல்லாம் சரியா என்று பார்க்கும். விசிறி ஓடாதபோது காற்றுச் சுவிட்ச் திறந்திருக்கிறதா என்றும் பார்க்கும். பிறகு விசிறி ஓடும், காற்றுச் சுவிட்ச் மூடும், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் டாம்பர் முழுக்கத் திறக்கும். அது முழுக்கத் திறந்ததைச் சொல்லும் உயர்நிலைச் சுவிட்ச் மூடிய பிறகுதான் பர்ஜ் நேரம் எண்ணத் தொடங்கும். எங்களுடையது 40 வினாடி. அது முடிந்ததும் டாம்பர் குறைந்த நிலைக்கு வரும். அங்கே இன்னொரு சுவிட்ச் மூடினால்தான் தீப்பொறியும் பைலட் கேஸும் கிடைக்கும். 10 வினாடிக்குள் பைலட் தீயை ஸ்கேனர் பார்க்க வேண்டும், அப்புறம்தான் மெயின் வால்வு. இடையில் எங்கே ஒரு படி தவறினாலும் லாக்-அவுட். கையால் ரீசெட் செய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பர்ஜ் நடக்கும் நேரம் முழுவதும் ஸ்கேனரிலிருந்து சிக்னல் வரக் கூடாது. தீ இருக்கவே முடியாத நேரத்தில் தீ தெரிகிறது என்றால் இரண்டில் ஒன்றுதான்: உள்ளே நிஜமாகவே ஏதோ எரிகிறது, இல்லையென்றால் ஸ்கேனர் பொய் சொல்கிறது. எதுவானாலும் பர்னரைக் கொளுத்த அனுமதி கிடையாது.

முதல் நாள் நடந்தது அதுதான். 19 நாள் இடைவிடாமல் ஓடிய பாய்லரை, ஃபீட் பம்பின் கிளாண்ட் வேலைக்காக நிறுத்தினோம். 15 நிமிடத்தில் வேலை முடிந்தது. ஸ்டார்ட் கொடுத்தால் விசிறி ஓடுகிறது, டாம்பர் திறக்கிறது, ஆனால் எண்ணிக்கை நகரவில்லை. திரையில் `Flame Detected` என்று வந்தது. சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு லாக்-அவுட் ஆனது. ரீசெட் செய்தேன், அதே கதை. மொத்தம் ஆறு முறை ரீசெட் அடித்தேன். இது நான் செய்த முதல் தவறு. ஒவ்வொரு முறையும் விசிறி குளிர்ந்த காற்றைச் சூடான குழாய்களின் வழியே தள்ளியதில், 7 பார் இருந்த நீராவி அழுத்தம் 4.5-க்கு இறங்கியது. ஆறு முறை பார்த்தும் புதிதாக எதுவும் தெரியவில்லை. ஒரு முறை லாக்-அவுட் ஆனால் திரையில் இருப்பதை எழுதிக்கொண்டு, கையை எடுத்துவிட்டுத் தேடத் தொடங்கியிருக்க வேண்டும்.

நிஜமாகவே எரிகிறதா என்பதை முதலில் பார்த்தேன். விசிறி ஓடும்போது பார்வைத் துளை வழியே பார்த்ததில் உள்ளே இருட்டு. ஆனால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. மெயின் வால்வு கொஞ்சமாகக் கசிந்தால் பர்னர் முனையில் ஒரு சின்ன நீலத் தீ நிற்கலாம், அது பகலில் கண்ணுக்குப் படாது. அதனால் குமிழிச் சோதனை செய்தேன்.

பர்னரை நிறுத்தி, கடைசிக் காக்கை மூடினேன். இரண்டு வால்வுகளுக்கும் நடுவில் உள்ள டெஸ்ட் பிளக்கைக் கழற்றி, மெல்லிய ரப்பர் குழாயை மாட்டி, அதன் நுனியைத் தண்ணீர் டம்ளரில் விரல் நகம் அளவுக்கு முக்கினேன். முதல் வால்வு கசிந்தால் இங்கே குமிழி வரும். 5 நிமிடம் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வால்வைச் சோதிக்க அதற்கு முன்னால் கேஸ் அழுத்தம் வேண்டும். முதல் வால்வுக்கு முன்னால் உள்ள டெஸ்ட் புள்ளியிலிருந்து நடு இடத்துக்கு ஒரு குழாயால் இணைப்புக் கொடுத்து, டம்ளர்க் குழாயை இரண்டாவது வால்வுக்குப் பின்னால் மாற்றினேன். தொடக்கத்தில் இரண்டு குமிழிகள் வந்தன, அது அந்தத் துண்டில் ஏற்கெனவே அடைபட்டிருந்தது. பிறகு 5 நிமிடம் ஒன்றுமில்லை. பைலட் வால்வுக்கும் அதே சோதனை, அதுவும் சுத்தம். வேலை முடிந்ததும் பிளக்குகளைப் போட்டு, சோப்பு நீர் தடவிப் பார்த்தேன்.

இந்தச் சோதனைகளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு ஸ்டார்ட் கொடுத்தால் எந்தத் தகராறும் இல்லாமல் பற்றிக்கொண்டது! எனக்கு ஆறுதலாகிவிட்டது. "தீ அறைச் செங்கல்லின் தணல்தான் சார், சூட்டில் அது தெரிந்திருக்கும்" என்றார் ஆப்பரேட்டர். பாய்லர் ஆறியதும் சரியானது என்பதால் எனக்கும் அது பொருத்தமாகப் பட்டது. சரி என்று விட்டுவிட்டேன்.

இதுதான் இரண்டாவது தவறு, முதலாவதைவிட மிகப் பெரியது.

மூன்றாம் நாள் காலையில்தான் உறைத்தது. எங்கள் ஸ்கேனர் யு.வி. வகை. கண்ணுக்குத் தெரியும் ஒளியையோ அகச்சிவப்பையோ பார்க்கும் ஸ்கேனராக இருந்தால், சிவந்த செங்கல்லைத் தீ என்று எடுத்துக்கொள்ளக்கூடும். யு.வி. குழாய்க்குச் செங்கல் தெரிய வேண்டுமென்றால், அது ஏறக்குறைய 1,370 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். நிறுத்திக் கால் மணி நேரம் ஆன பாய்லரில், விசிறி காற்று வேறு அடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தச் சூடு எங்கிருந்து வரும்? அப்படியானால் ஸ்கேனருக்கு எதுவுமே தெரியவில்லை. தானாகவே சிக்னல் கொடுக்கிறது.

யு.வி. குழாய்க்கு உள்ளே வாயு நிரப்பி, இரண்டு மின்முனைகள் வைத்திருப்பார்கள். தீயின் புற ஊதாக் கதிர் பட்டால் உள்ளே மின் வெளியேற்றம் நடக்கும், கதிர் நின்றால் அதுவும் நிற்க வேண்டும். குழாய் பழசாகிச் சூடும் ஏறினால், கதிர் இல்லாமலேயே வெளியேற்றம் தொடரலாம். அப்படி ஒரு குழாய் மாட்டியிருந்தால் பர்னர் எரிந்துகொண்டிருக்கும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. தீ இருக்கிறது, சிக்னலும் இருக்கிறது. தீ அணைந்தால்தான் வித்தியாசம். அப்போதும் சிக்னல் இருக்கும்.

இதை ஊகமாக விட மனமில்லை. பாய்லர் அப்போது குறைந்த தீயில் ஓடிக்கொண்டிருந்தது. ஆப்பரேட்டரைப் பேனல் பக்கத்தில் நிறுத்தி, பர்னர் சுவிட்சில் கை வைத்திருக்கச் சொன்னேன். கடைசிக் காக்கை நானே மூடினேன். பார்வைத் துளையில் தீ சுருங்கி அணைந்தது. கைபேசியில் நேரம் ஓடுகிறது. ஸ்கேனர் சிக்னலைப் பெருக்கிப் படிக்கும் எங்கள் ஆம்ப்ளிஃபயர், 3 வினாடிக்குள் தீ போனதை அறிந்து வால்வுகளை மூட வைக்க வேண்டும். 3 போனது, 10 போனது, 30 போனது. திரை இன்னும் `Run` என்றே காட்டியது. இரண்டு மெயின் வால்வுகளும் திறந்தே நின்றன. கேஸ் அழுத்தச் சுவிட்சுகள் காக்குக்கு முன்னால் இருக்கின்றன, ரெகுலேட்டரும் அழுத்தத்தை ஏறவிடாமல் நன்றாகப் பூட்டிக்கொண்டது, அதனால் அவற்றுக்கும் எதுவும் தெரியவில்லை. பர்னர் சுவிட்சை அணைக்கச் சொன்ன பிறகுதான் வால்வுகளின் கிளிக் சத்தம் கேட்டது.

அந்த 30 வினாடியில் யாராவது காக்கைத் திறந்திருந்தால், தீ இல்லாத சூடான அறைக்குள் கேஸ் முழு வீச்சில் போயிருக்கும். இந்தச் சோதனையைச் செய்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள்: காக்கை மூடிய கை அதிலிருந்து நகரக் கூடாது, வேறு யாரும் அதைத் தொடக் கூடாது, பர்னர் நிற்கும்வரை மூடியபடியே இருக்க வேண்டும். காக் மூடியிருப்பது ஒன்றுதான் இந்தச் சோதனையைப் பாதுகாப்பாக்குகிறது.

ஆக, முதல் நாள் நான் ஆறுதலோடு கொளுத்திவிட்டுப் போன பாய்லர் இரண்டு நாள் தீக் காவல் இல்லாமல் ஓடியிருக்கிறது. அதற்கு முந்தைய 19 நாளில் எத்தனை நாள் அப்படி ஓடியது என்று சொல்ல வழியே இல்லை. பர்ஜ் நேரத்துச் சோதனைதான் இந்தக் குழாயைப் பிடித்துக் கொடுத்தது. ஆனால் அந்தச் சோதனை ஸ்டார்ட் ஆகும்போது மட்டும்தான் நடக்கும். நிற்காமல் ஓடும் பாய்லரில் அது நடக்கவே நடக்காது.

குழாய்தானா, வயரா, ஆம்ப்ளிஃபயரா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஆம்ப்ளிஃபயரில் மீட்டர் குத்த ஒரு துளை உண்டு. அங்கே 0 முதல் 5 வோல்ட் டி.சி. வரை வரும், 1.25-க்கு மேல் இருந்தால் தீ உண்டு என்று அர்த்தம். ஸ்கேனரைச் சூட்டோடு கழற்றி, கண்ணாடி முகத்தில் கறுப்பு டேப் ஒட்டி, மேசைமேல் வைத்தேன். மீட்டர் 3.4 காட்டியது. பேனல் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஸ்கேனர் வயரை டெர்மினலில் கழற்றி, மறுபடி மின்சாரம் கொடுத்தேன்: 0. ஆம்ப்ளிஃபயரும் பேனலும் சரி. (அந்தக் குழாய்க்கு நூற்றுக்கணக்கான வோல்ட் போகிறது, மின்சாரம் இருக்கும்போது வயரைத் தொடக் கூடாது.) திரும்ப மாட்டி, டேப்போடு ஆறவிட்டேன். 25 நிமிடம் கழித்து 3.4 ஒரே தாவாகப் பூஜ்யமானது. சூடான காற்று ஊதும் கருவியால் உடலை மெல்லச் சூடாக்கினேன், 70 டிகிரியைத் தாண்டியதும் இருட்டிலேயே சிக்னல் திரும்ப வந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே. பாய்லர் ஆறினால் சரியாவது ஏன் என்பதற்கு இதுதான் பதில்.

அந்தக் குழாய் 22 மாதம் மின்சாரத்தில் இருந்திருக்கிறது. அதற்குச் சொல்லப்பட்ட ஆயுள் 10,000 மணி, அதாவது 14 மாதம் சுமார். எந்தத் தேதியில் மாட்டினோம் என்று பழைய பதிவேட்டில் தேடி எடுக்க வேண்டியிருந்தது, ஸ்கேனர்மேல் யாரும் எழுதி வைக்கவில்லை. சூட்டுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஸ்கேனர் உட்காரும் பைப்புக்கு, விசிறிக் காற்று வந்து சேரும் விண்ட்பாக்ஸிலிருந்து கால் அங்குலக் குழாயில் குளிர்காற்று வரும். அது தூசியால் ஏறக்குறைய முழுக்க அடைபட்டிருந்தது.

புதுக் குழாய் வர ஒன்றரை நாள் ஆனது. அந்த இடைவெளியில் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்: "பர்ஜ் ஓடும்போது ஸ்கேனரை வெளியே இழுத்து ஆறவிட்டு, பைலட் நேரத்தில் திரும்பச் செருகிவிடலாமே?" பாய்லர் பற்றியிருக்கும், அது உண்மை. ஆனால் அரை மணியில் குழாய் சூடாகித் திரும்பவும் பொய் சொல்லத் தொடங்கும். மூன்றாம் நாள் பார்த்த 30 வினாடியை அவருக்கு விவரமாகச் சொன்னேன். பாய்லரை மூடியே வைத்தோம்.

காத்திருந்த நேரத்தில் பர்ஜையே அளந்து பார்த்தேன். முதல் நாள் ஆறு முறை வேடிக்கை பார்த்தபோது, டாம்பர் தண்டு பாதியிலேயே நிற்பதுபோல ஒரு சந்தேகம் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், உயர்நிலைச் சுவிட்சின் கேம் திருகு தளர்ந்து, 90 டிகிரி திறக்க வேண்டிய டாம்பர் 40 டிகிரியிலேயே "திறந்தாயிற்று" என்று சொல்லிக்கொண்டிருந்தது. காற்றுச் சுவிட்ச் இதைக் கண்டுபிடிக்காது. விசிறி ஓடிக் கொஞ்சம் அழுத்தம் இருந்தால் அதற்குப் போதும்.

எவ்வளவு காற்று போகிறது என்பதை மானோமீட்டரால் கணக்கிடலாம். விண்ட்பாக்ஸுக்கும் தீ அறைக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் முழுத் தீயில் 20 மில்லிபார் என்று பதிவேட்டில் இருந்தது. ஸ்கேனரைக் கழற்றி, அதன் துளையை அடைத்துவிட்டுப் பர்ஜை ஓடவிட்டு அளந்தால் 6 மில்லிபார். காற்றின் அளவு அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 6-ஐ 20-ஆல் வகுத்தால் 0.3, அதன் வர்க்கமூலம் 0.55. அதாவது முழுக் காற்றில் 55 சதவீதம். ஒற்றை பர்னர் ஃபயர் டியூப் பாய்லருக்கு என்.எஃப்.பி.ஏ. 85 என்னும் அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதிமுறை கேட்பது குறைந்தது 70 சதவீதக் காற்றும், உள்ளே இருக்கும் கன அளவைப்போல நான்கு மடங்கு காற்று மாற்றமும்.

எங்கள் பாய்லரின் தீ அறை, குழாய்கள், பின் அறை, புகைபோக்கி வாய் எல்லாம் சேர்த்து 4.5 கன மீட்டர். முழுத் தீயில் காற்று மணிக்கு ஏறக்குறைய 2,600 கன மீட்டர். அதில் 55 சதவீதம் வினாடிக்கு 0.4 கன மீட்டர், 40 வினாடியில் 16 கன மீட்டர். மூன்றரை மாற்றம்தான் கிடைக்கிறது. திரையில் 40 வினாடி சரியாக ஓடியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கேமைச் சரிசெய்து இறுக்கிய பிறகு 14 மில்லிபார் வந்தது. அது 84 சதவீதக் காற்று, 40 வினாடியில் 24 கன மீட்டர், ஐந்து மாற்றத்துக்கும் மேல். திருகின் தலையில் பெயின்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், நகர்ந்தால் தெரியும்.

ஐந்தாம் நாள் குழாய் வந்தது. மாட்ட 20 நிமிடம், சோதிக்க மணிக்கணக்கு. இருட்டில் 0. பைலட் காக்கை மூடி, தீப்பொறி மட்டும் விட்டுப் பார்த்தேன்: அப்போதும் 0, 10 வினாடியில் லாக்-அவுட். இது முக்கியம், ஏனென்றால் தீப்பொறியிலும் புற ஊதாக் கதிர் உண்டு. ஸ்கேனர் அதைப் பார்க்கும் கோணத்தில் இருந்தால், பைலட் பற்றாமலேயே மெயின் வால்வு திறந்துவிடும். பைலட் மட்டும் எரியும்போது 2.9, மெயின் குறைந்த தீயில் 4.2. பிறகு நான்கு மணி நேரம் ஓடவிட்டு, எல்லாம் நன்றாகச் சூடான பின் கடைசிக் காக்கை மூடினேன். 2.6 வினாடியில் வால்வுகள் மூடின, லாக்-அவுட் விளக்கு எரிந்தது. காக்கை மூடியபடியே வைத்து விசிறி நின்ற பிறகுதான் கையை எடுத்தேன். குளிர்காற்றுக் குழாயைச் சுத்தம் செய்ததால், ஸ்கேனர் உடலின் சூடும் 78-லிருந்து 52 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது.

அடுத்த முறை என்றால் பாய்லர் ஆறுவதற்குள் ஸ்கேனரைக் கழற்றி, முகத்தை மூடி, மீட்டர் வைத்துப் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை அது, முதல் நாளே விடை கிடைத்திருக்கும். ஆறிய பிறகு செய்யும் எந்தச் சோதனையும் இந்தப் பழுதைக் காட்டாது.

வாரக்கணக்கில் நிற்காமல் ஓடும் எங்கள் வேலைக்கு இந்த வகை ஸ்கேனரே பொருத்தமில்லை. ஷட்டர் வைத்த, சில வினாடிக்கு ஒரு முறை தன் கண்ணைத் தானே மூடிச் சிக்னல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் வகை வேண்டும். அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயரும் மாற வேண்டும். இரண்டுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அது வரும்வரை 24 மணிக்கு ஒரு முறை பாய்லரை நிறுத்தி, சூட்டிலேயே திரும்ப ஓட்டுவது என்றும், வாரம் ஒரு முறை காக்கை மூடி நேரம் எடுப்பது என்றும் முடிவு. பதிவேட்டில் இரண்டு கட்டங்கள் சேர்த்திருக்கிறோம்: பர்ஜின்போது சிக்னல் எத்தனை வோல்ட், தீ அணைந்து வால்வு மூட எத்தனை வினாடி. முதல் வரியில் 0 என்றும் 2.6 என்றும் எழுதியிருக்கிறது.

புதுக் குழாயின் உடலில் மாட்டிய தேதியை எழுதியாயிற்று. பழையது ஆறிய நிலையில் மேசைமேல் நல்ல குழாய்போலவே நடந்துகொள்ளும், யாராவது சோதித்துவிட்டு ஸ்பேர் அலமாரியில் வைத்துவிடக்கூடும். அதனால் அதன் இரண்டு கால்களையும் வெட்டிவிட்டேன்.